முற்றத்தை மூடிய வீடு: கும்பகோணம் பக்கத்து அக்ரஹாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

மாமாவின் வீட்டு முற்றத்தின்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. குரங்குத் தொல்லை, திருட்டு பயம், ஐப்பசி மழைச் சாரல் என்று மூன்று காரணங்கள், மூன்றும் நியாயமானவை. ஃபேப்ரிகேஷன் கடைக்காரர் ஒரே நாளில் இரும்புக் குழாய் சட்டம் அடித்து, ஓட்டு நுனியை ஒட்டினாற்போல் ஷீட்டைப் பதித்துவிட்டுப் போய்விட்டார். வெளிச்சம் அப்படியே வருகிறது, மழை வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டாவது கோடையில் புகார் தொடங்கியது. "கூடத்துல படுக்க முடியலடா, ராத்திரி ரெண்டு மணிக்கும் புழுக்கம்" என்றார் மாமா. அடுத்த மழைக்காலத்தில் ஓட்டைத் தாங்குகிற கைமரங்களின் நுனியில் கரும்பூஞ்சை. துணி காயவில்லை, அரிசிப் பானையில் வண்டு, வீடு முழுக்க மக்கிய வாடை. பழைய வீடுகளைச் சரி செய்வது என் தொழில் என்பதால் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஷீட்டைக் கழற்றுங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் மேலே ஒரு சின்ன ஓட்டையை அடைத்ததற்கு நூறடி நீள வீடு ஏன் இப்படித் தவிக்கிறது என்று புரிய, அந்த வீடு ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மழைதான் முதலில்

தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. வீடு தெருவின் தெற்கு வரிசையான தென்சரகில் வடக்குப் பார்த்து இருக்கிறது. அகலம் 24 அடி. கட்டடத்தின் நீளம் 100 அடிக்குப் பக்கம், அதற்குப் பின்னால் கொல்லை. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதன் தெற்கே கூடம், அப்புறம் இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணறு. டெல்டாவில் ஆயிரம் வீடுகளில் பார்க்கிற அமைப்புதான்.

தெரு கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒரு பலன் உண்டு. நம் ஊரில் சுவரைச் சுடுவது காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான். உச்சிவெயில் கூரையைத்தான் பார்க்கும். இந்த வரிசையில் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் பொதுச் சுவர்கள். அவற்றின்மேல் வெயில் படவே வழியில்லை. 75 அடி, 100 அடி நீளச் சுவர்கள் ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொள்கின்றன. தெருக்கோடி வீட்டில் மேற்கு அறையில் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பொதுச் சுவருக்கு ஒரு விலை உண்டு. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கூரைத் தண்ணீரைப் பக்கவாட்டில் விட முடியாது. டெல்டாவில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. அந்த மழையை அடுத்த வீட்டுச் சுவர்மேல் இறக்கினால் சண்டைதான் வரும். அதனால் ஓட்டுக்கூரை பொதுச் சுவரின் உச்சியில் தொடங்கி உள்பக்கமாகச் சரிகிறது. இந்த வீட்டில் முற்றத்து ஓட்டு நுனி தாழ்வாரத் தரையிலிருந்து 7 அடி உயரத்தில். அங்கிருந்து 30 டிகிரிச் சரிவில் 7 அடி தூரம் ஏறி, சுவரில் 11 அடி உயரத்தில் போய் நிற்கிறது. நாலு பக்கச் சரிவும் சந்திக்கும் நடு இடத்தில் திறப்பு. அதுதான் முற்றம். காற்றுக்காக வைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த வரிசை வீடுகளில் தண்ணீரை இறக்க வேறு இடமே இல்லை; காற்றும் வெளிச்சமும் அந்தத் திறப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தன.

தண்ணீரின் அளவைப் பாருங்கள். முற்றத்தை நோக்கிச் சரியும் கூரையும் திறப்பும் சேர்ந்து சுமார் 720 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் 60 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,700 லிட்டர் முற்றத்தில் விழுகிறது. முற்றத் தரை கிழக்கு மேற்கில் 10 அடி, வடக்கு தெற்கில் 8 அடி, மொத்தம் 80 சதுர அடி. கல் கால்வாய் அடைத்துக்கொண்டால், ஓர் அங்குல மழைக்கு முற்றத்தில் 9 அங்குலம் தண்ணீர் ஏறும். முற்றம் தாழ்வாரத்தைவிட 15 அங்குலம் பள்ளம். ஆக, இரண்டு அங்குல மழைக்கு முன்பே தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும். முற்றத்தின் பள்ளம் அழகுக்கு வைத்ததல்ல, அடைப்பை எடுக்கிற வரைக்கும் கிடைக்கிற அவகாசம் அது. தரைக்கு அடியில் கொல்லைக்கு ஓடும் அந்தக் கால்வாயை ஆவணியிலேயே கம்பு விட்டுக் குத்திச் சுத்தம் செய்வது வழக்கம். ஷீட் போட்டபிறகு அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முற்றம் என்றாலே செட்டிநாட்டுப் படத்தைக் காட்டுகிறார்கள். அது வறண்ட சீமை. அங்கே முற்றம் பெரிது, ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடித்து வைப்பார்கள். டெல்டா முற்றம் சின்னது, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ள முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தள்ளுவதற்கு வைத்தது. அங்கே பார்த்ததை இங்கே கட்டினாலும் இங்கே பார்த்ததை அங்கே கட்டினாலும் சரிப்படாது.

வெயில் எங்கே விழுகிறது

கும்பகோணத்தில் ஏப்ரல் 18, 19 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதற்கப்புறம் நாலு மாதம் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தின் தொடக்கத்தில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும்.

இதை இந்த முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். மார்கழியில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால், முற்றத்து வெயில் கட்டம் வடக்குத் தாழ்வாரத்துக்குள் கிட்டத்தட்ட ஐந்தடி ஏறுகிறது. ஈரம் கோத்த மழைக்காலம் முடியும்போது அந்த வெயில் வேண்டியதுதான். ஆனியில் அது தெற்கே, கூடத்தின் பக்கம், ஒன்றரை அடிதான் போகிறது. கூடத்துத் தரையில் கோடை வெயில் விழுவதே இல்லை என்று சொல்லலாம். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு மேற்குத் தாழ்வாரத்தின் சுவரோரம் இருக்கிற வெயில், பத்தரைக்குத் தூண் பக்கம் நகர்ந்து, பதினொன்றிலிருந்து ஒன்றரை வரைதான் முற்றத்தரையின் பெரும்பகுதியைப் பிடிக்கிறது. ஓட்டு நுனியின் உயரமும் திறப்பின் அகலமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் கிடைக்கிற பலன் இது. திறப்பை 20 அடியாக்கினால் நாள் முழுக்க தாழ்வாரம் வெந்துபோகும்.

அந்த இரண்டரை மணி நேர வெயிலைத் திறந்த முற்றம் பொருட்படுத்தாது. தரை சுடும், சூடான காற்று மேலே போய்விடும். ஷீட் போட்டபின் கதை வேறு. உச்சிவெயில் 80 சதுர அடியில் விழும்போது ஆறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வருகிறது. தெளிவான ஷீட் அதில் ஐந்து கிலோவாட்டையாவது உள்ளே விட்டுவிடும். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை முற்றத்தில் சூடாக்கி வைத்துவிட்டு மேலே மூடி போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியே போக வழியில்லாமல், ஓட்டின் அடியில் பரந்து, கூடத்தின் உச்சியில் போய் நிற்கிறது. ஏணி போட்டு ஏறியபோது முகத்தில் அடுப்பு வாய் மாதிரி அடித்தது. கீழே நிற்பவருக்கு அது தெரியாது, ஆனால் தலைக்கு மேலே இருக்கிற அந்தச் சூடுதான் ராத்திரி வரைக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடு மூச்சு விடுகிறது, ஷீட் விடுவதில்லை

கூரை நாட்டு ஓடு. சக்கரத்தில் குழாயாகச் செய்து இரண்டாகப் பிளந்த அரைவட்ட ஓடு. ஒரு வரிசை மல்லாத்தி, அதன்மேல் ஒரு வரிசை கவிழ்த்து. மங்களூரில் பாசல் மிஷன் 1865ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபிறகு பரவிய சீமை ஓடு, பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும். நாட்டு ஓட்டில் அந்தக் கச்சிதம் கிடையாது. கவிழ்த்த ஓட்டுக்கும் மல்லாத்திய ஓட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து எங்கும் இருக்கும். அந்தச் சந்து வழியாகக் கூரையின் சூடும் அடுக்களைப் புகையும் கசிந்து வெளியேறும். மழையில் ஓடு கொஞ்சம் தண்ணீரைக் குடித்து, வெயில் வந்ததும் அதை ஆவியாக விட்டுவிடும்.

இந்தக் கூரைக்கு இரண்டு பலவீனம். ஒன்று, குரங்கும் பூனையும் ஓடி ஓட்டை நகர்த்திவிடும்; ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை ஏற்றி ஓடு மாற்றியே ஆகவேண்டும். இரண்டாவது, நாலு சரிவும் சந்திக்கிற கூடல்வாய். நாலு மூலையிலும் தண்ணீர் சேர்ந்து ஓடுகிற அந்தப் பள்ளத்தில் தகடு துருத் தின்றால் கீழேயிருக்கிற மரம் முதலில் மக்கும்.

ஷீட் சட்டத்தின் கால்களை இந்தக் கூடல்வாய்களின்மேல்தான் ஊன்றியிருந்தார்கள். தகட்டில் துளை போட்டு, மேலே சிமெண்ட் பூசி. ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் கைமரத்தில் இறங்கியிருக்கிறது. ஷீட்டின் விளிம்பு ஓட்டு நுனியின்மேல் படுத்திருந்ததால், வழிகிற தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி மரத்தில் ஏறியது. முற்றம் திறந்திருந்தால் இரண்டு நாளில் காய்ந்திருக்கும். காற்றோட்டம் நின்ற இடத்தில் அது காயாமல் பூஞ்சை பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்ததில், நாலு மூலைக் கைமரத்தில் இரண்டு பஞ்சு மாதிரி உள்வாங்கியது. பார்த்தால் கறுப்பு மட்டும்தான் தெரியும். குத்திப் பார்க்காமல் மரத்தின் நிலைமையைச் சொல்லக் கூடாது.

ஊதுபத்தி சொன்னது

காற்று பற்றி ஒரு கதை நிறைய பேர் சொல்கிறார்கள்: சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலேற, திண்ணை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்று. தப்பில்லை, ஆனால் அதன் பலம் சொற்பம். உள்ளே வெளியைவிட 3 டிகிரி கூடுதல் சூடு, ஜன்னலுக்கும் கூரைத் திறப்புக்கும் நடுவில் 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அந்த மேலிழுப்பைவிட மெதுவாக வீசும் காற்று (மணிக்கு 7 கிலோமீட்டர்) சுவரில் தருகிற அழுத்தம் ஐந்தாறு மடங்கு அதிகம். டெல்டாவில் வீட்டைக் காப்பாற்றுவது வீசுகிற காற்று. ஆடியில் மேல்காற்று, கோடையில் மாலை தாமதமாக வந்து சேருகிற கடற்காற்று, மழைக்காலத்தில் வாடை. இந்த வீட்டுக்குக் கடற்காற்று கொல்லைப்பக்கமாக வருகிறது. எதிர்ச்சரகு வீடுகளுக்குத் திண்ணைப் பக்கமாக. அதனால்தான் அந்த வரிசைத் திண்ணையில் சாயங்காலம் இடம் கிடைக்காது.

காற்று உள்ளே வர வழி எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் வெளியேற வழி. பகலில் வாசற்கதவும் கொல்லைக்கதவும் திறந்திருக்கும். இரண்டும் நேர்கோட்டில், ரேழியிலிருந்து பார்த்தால் கிணறு தெரியும். அப்போது முற்றம் மூடியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாமா பகலில் புகார் சொல்லவே இல்லை என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு இரண்டு கதவையும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்தில் ஊதுபத்தியை ஏற்றி வைத்தேன். மின்விசிறி நிறுத்தியாயிற்று. புகை நேரே ஏறி, ஷீட்டில் முட்டி, நாலா பக்கமும் பரந்து, தாழ்வாரத்தின் ஓரமாகக் கீழே இறங்கித் திரும்பக் கூடத்துக்கே வந்தது. ரேழிப்பக்க ஜன்னலருகே வைத்தபோது உள்ளே கொஞ்சம் வந்து, அதே ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. அடுத்த நாள் ஷீட்டின் நடுவில் இரண்டு தகட்டை மட்டும் கழற்றிவிட்டு அதே நேரம் அதே இடத்தில் மறுபடி வைத்தோம். ரேழி ஜன்னலில் புகை சாய்ந்து உள்ளே ஓடியது, தாழ்வாரம் தாண்டி, முற்றத்தில் மேலே போய்விட்டது. மாமா நாற்காலியைப் போட்டு அரைமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் திருடனுக்குப் பயந்து வாசலைப் பூட்டினாலும் வீட்டுக்கு ஒரு வாய் திறந்தே இருந்தது. அதைத்தான் மூடியிருக்கிறார்கள். ஈரக்காற்றுள்ள ஊரில் இது சும்மா விட முடியாத விஷயம். வறண்ட ஊரில் ராத்திரி வெளியே வெகுவாகக் குளிரும், கனத்த சுவர் அந்தக் குளிரைப் பகலுக்குச் சேர்த்து வைக்கும். இங்கே மே மாத ராத்திரி 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே தயங்கும். சுவர் சேர்த்து வைக்கக் குளிர் எதுவும் கிடையாது. வியர்வை காய உடம்பின்மேல் காற்று ஓட வேண்டும், அவ்வளவுதான். இதே காரணத்தால் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் குளிர்விக்கலாம் என்று புது வீடுகளில் செய்வது எனக்கு ஒப்பவில்லை. ஏற்கெனவே ஈரமான காற்றில் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. கொசுதான் மிச்சம்.

என்ன செய்தோம்

முழுசாகத் திறந்துவிடலாம் என்றேன். மாமி ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: "நீ சொல்லிட்டுப் போயிடுவே. ஐப்பசில தாழ்வாரம் பூரா ஈரமா இருந்தா வழுக்கி விழறது யாரு?" எழுபது வயசுக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லை.

அதனால் கூரையை உயர்த்தினோம். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. திறப்பின் பரப்பு 80 சதுர அடி, சுற்றளவு 36 அடி. பரப்பைச் சுற்றளவால் வகுத்தால் இரண்டேகால் அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அவ்வளவு உயரத்துக்கு நாலு பக்கமும் சந்து விட்டால், பழைய திறப்புக்குச் சமமான வழி பக்கவாட்டில் கிடைக்கும். வழக்கமாக ஃபேப்ரிகேஷன்காரர்கள் விடுகிற அரையடிச் சந்து 18 சதுர அடிதான் தரும், கால்வாசிகூட இல்லை. அதில் சாய்வுப் பட்டைகளும் வைத்தால் பாதியாகும். கொசுவலையும் அடித்தால் இன்னும் சுருங்கும். "சந்து விட்டிருக்கோமே சார்" என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டேகால் அடி உயர்த்தி, சுற்றி ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். பாலிகார்பனேட்டுக்குப் பதில் நடுவில் மட்டும் இரண்டு கண்ணாடி ஓடு, மீதி சீமை ஓடு. வெளிச்சம் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தே வருகிறது. குரங்குக்காகச் சந்தைச் சுற்றி 12 மில்லிமீட்டர் கம்பி, நாலங்குல இடைவெளியில். வலை அங்கே இல்லை. படுக்கிற அறை ஜன்னலுக்கு மட்டும். சட்டத்தின் கால்களைக் கூடல்வாயிலிருந்து எடுத்து, முற்றத்துத் தூண்களின் தலையில் உத்தரத்தின்மேல் வைத்தோம். அதற்கு முன் உத்தரம் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று தச்சரோடு பார்த்தோம்; ஒரு தூணின் அடிக்கல் மண்ணில் இறங்கியிருந்ததால் அதை முதலில் சரி செய்ய வேண்டியிருந்தது. நாலு மூலைத் தகடும் புதுசு, மக்கிய இரண்டு கைமரமும் புதுசு. கல் கால்வாயிலிருந்து எடுத்த மண்ணும் பிளாஸ்டிக் பையும் மூன்று கூடை.

அந்த மே மாதம் மத்தியானம் வீடு சூடாகத்தான் இருந்தது. ஓட்டு வீட்டில் கத்திரி வெயிலுக்குத் தப்பிக்க முடியாது, மின்விசிறியும் ஓடியது. ராத்திரிப் புழுக்கம் பற்றி மாமா பேச்சை எடுக்கவில்லை, ஊதுபத்திப் புகையும் மேலே போனது. நவம்பரில் வாடைக்காற்றோடு வந்த மழை வடகிழக்குச் சந்து வழியாகச் சாரலாக அடித்து, தென்மேற்குத் தூணை நனைத்தது. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இப்போது ஐப்பசி பிறந்ததும் வடக்கிலும் கிழக்கிலும் மூங்கில் தட்டி கட்டி, தை பிறந்ததும் அவிழ்க்கிறார்கள். முற்றத்தரையில் வெயில் விழாததால் மாமி வடாம் போட மொட்டைமாடி ஏற வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.